உடுமலையிலும் டில்லியிலும் நிழல் அளந்தோம், பூமி மூணு மடங்கு பெருசா வருது. எங்க தப்பு?

அமராவதி_கரை
அவசரமுங்க, திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துல காட்டணும். ஒரு மீட்டர் குச்சி நட்டு நிழல் அளந்து பூமியோட சுற்றளவு கண்டுபிடிக்கிற பழைய முறை. உடுமலையில நானு, டில்லியில தம்பி. நிழலை வெச்சுப் போட்டா, உச்சியில இருந்து சூரியன் சாஞ்ச கோணம் எனக்கு 14 டிகிரி, அவனுக்கு 7.3. வித்தியாசம் 6.7. தூரம் 2,500 கி.மீ. 360-ஐ 6.7-ஆல வகுத்து 2,500-ஆல பெருக்குனா 1,34,000 கி.மீ வருது. புத்தகத்துல 40,000. மூணு தடவை கணக்குப் போட்டுப் பாத்தாச்சு.

கொத்துக்கரண்டி
மொட்டை மாடியிலதான வெச்சீங்க? மாடித் தளம் எதுவும் சமமா இருக்காது. மழைத்தண்ணி ஓடறதுக்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வாட்டம் விட்டிருப்போம். அதுதான் தப்பு. ரசமட்டம் வெச்சுப் பாத்துப்போட்டு மறுபடி அளங்க, சரியா வரும்.

நொய்யல்
வாட்டத்துக்கு அப்புறம் வரலாம். முதல்ல இதையெல்லாம் சொல்லுங்க: எந்தத் தேதி? எத்தனை மணிக்கு? நிழல் எத்தனை சென்டிமீட்டர்? ரெண்டு ஊர்லயும் நிழல் எந்தப் பக்கம் விழுந்தது? 2,500 எங்க எடுத்தது?

கோள்மீன்
அளவு சொல்லாமல், தேதி சொல்லாமல், விடையை மட்டும் போட்டு "எங்க தப்பு" என்று கேட்பது இங்கே வழக்கமாகிவிட்டது. இந்தக் கேள்வி இதே இடத்தில் பலமுறை அலசப்பட்டது. தேடிப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

தறிச்சத்தம்
ரெண்டு பேரும் ஒரே நொடியில அளந்தீங்களா? ஃபோன்ல பேசிக்கிட்டே "இப்ப"ன்னு சொல்லி அளக்கணும். அதை விட்டாலே கணக்கு ஒத்துவராது.

பொள்ளாச்சி_தென்னை
எனக்கும் இதே சந்தேகமுங்க. பொள்ளாச்சிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவுல செய்யலாம்னு இருக்கேன், பைக்லயே ஒரே நாள்ல போயிட்டு வந்துரலாம். ஏனுங்க, ஒரு மீட்டர் குச்சி போதுமா?

அமராவதி_கரை
ஜூன் 21. மணி சரியா 12, ரெண்டு பேரும் ஃபோன்ல பேசித்தான் எடுத்தோம். எனக்கு 24.9 செ.மீ, தம்பிக்கு 12.8. தூரம் மேப்புல கார் போற வழி. திசை எதுக்குங்க? எனக்குத் தெற்கால விழுந்துச்சு, கொஞ்சம் மேற்கு சாஞ்சாப்ல. தம்பி வடமேற்குன்னான்.

நொய்யல்
திசையிலதான் எல்லாமே இருக்குங்க. ஜூன் 21 நடுப்பகல்ல சூரியன் கடகரேகைக்கு நேர் மேல நிக்கும், அதாவது 23.4 டிகிரி வடக்குல. உங்க ரெண்டு ஊரையும் சேர்க்கிற கோட்டுல அது போபாலுக்குக் கொஞ்சம் வடக்கே வரும். உடுமலை அந்த இடத்துக்குத் தெற்கே, டில்லி வடக்கே. அதனாலதான் உங்க நிழல் தெற்கேயும் தம்பி நிழல் வடக்கேயும் விழுது. உங்க 14 டிகிரி அந்த நடு இடத்துல இருந்து உடுமலை வரைக்கும், 7.3 அங்கிருந்து டில்லி வரைக்கும். ரெண்டு ஊருக்கும் நடுவுல உள்ள கோணம் வேணும்னா கூட்டத்தான் வேணும், கழிக்கக்கூடாது.

நிழல் ரெண்டும் ஒரே பக்கம் விழுந்தாத்தான் கழித்தல். பாடப்புத்தகத்துல கழிக்கிற மாதிரியே இருக்கக் காரணம், அதுல வர்ற எகிப்து ஊருங்க அலெக்சாண்டிரியாவும் சையீனும் ரெண்டுமே கடகரேகைக்குத் தெற்கே போகாததுதான். நம்ம கொங்குநாட்டுல ஏப்ரல் மூணாம் வாரத்துல இருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரைக்கும் நடுப்பகல் நிழல் தெற்கேதான் விழும். இதை மறந்தா யாருக்கும் உங்க விடைதான் வரும்.

கோள்மீன்
கூட்டினால் 21.3. சுற்றளவு 42,250 கி.மீ. ஆறு சதவீதத்துக்குள் வந்துவிட்டது. குச்சி வைத்துச் செய்ததற்கு இது போதும். இழையை முடிக்கலாம்.

நொய்யல்
முடிக்க வேண்டாமுங்க. 42,250 வந்தது ரெண்டு தப்பு ஒண்ணை ஒண்ணு மறைச்சதால. கோணமும் கூட, தூரமும் கூட, அதான் வகுத்தா ஏறக்குறைய ஒத்துப்போகுது.

கோணத்தை முதல்ல பாருங்க. நடுப்பகல் நிழல் நேர் தெற்குவடக்கா விழணும். உங்களுக்கு மேற்கே சாஞ்சுது, தம்பிக்கு வடமேற்கு. அப்படின்னா சூரியன் இன்னும் கிழக்கே இருக்கு, உச்சிக்கு வரலை. நம்ம கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுது. நீங்க ரெண்டு பேரும் இருக்கிறது 77.2-ல. டிகிரிக்கு நாலு நிமிஷம்னா 21 நிமிஷம் தாமதம், அதோட ஜூன் கடைசியில இன்னொரு ரெண்டு நிமிஷம் சேரும். உங்களுக்கு நடுப்பகல் 12:23. அந்த நேரத்துல உங்க நிழல் 22.8 செ.மீ, தம்பிக்கு 9.0 வந்திருக்கணும். கோணம் 12.85-ம் 5.17-ம், கூட்டினா 18.0.

தூரம் அடுத்தது. கார் வழி பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர்னு வளைஞ்சு போகும். நேர்க்கோட்டுல சுமார் 1,995 கி.மீ. 1,995-ஐ 360-ஆல பெருக்கி 18.02-ஆல வகுத்தா 39,850.

கடிகாரத்தையும் நம்ப வேண்டாம். 12:05-ல இருந்து 12:40 வரைக்கும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா நிழல் நுனியில சாக்பீஸ்ல புள்ளி வைங்க. எது குட்டையோ அதுதான் நடுப்பகல்.

@தறிச்சத்தம், ஒரே நொடி தேவையில்லீங்க. அவங்கவங்க ஊர் நடுப்பகல்ல அளக்கணும். இவங்க ரெண்டு ஊரும் ஒரே தீர்க்கரேகைங்கறதால ரெண்டும் ஒண்ணா அமையுது. கரூர்ல இருந்து டில்லின்னா கரூர்க்காரர் மூணு நாலு நிமிஷம் முன்னாடியே அளக்கணும்.

@கொத்துக்கரண்டி, நீங்க சொன்னதுல பாதி சரி. குச்சியைத் தூக்குக்குண்டு விட்டு நேரா நிறுத்தியிருந்தா, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம் 23 செ.மீ நிழலை அரை மில்லிமீட்டர்தான் மாத்தும். ஆனா மூலைமட்டம் வெச்சுத் தளத்துக்குச் செங்குத்தா நட்டிருந்தா வாட்டம் அப்படியே 0.57 டிகிரித் தப்பா உள்ள வந்துரும்.

கொத்துக்கரண்டி
சரிங்க, ஒத்துக்கறேன். அப்படின்னா குச்சி சாயறதைப் பத்தியே கவலைப்பட வேண்டாமே. குச்சி நுனியில இருந்து தூக்குக்குண்டு விட்டு, குண்டு தொடற இடத்துல புள்ளி வைங்க. அந்தப் புள்ளியில இருந்து நிழல் நுனி வரைக்கும் அளங்க, உயரத்தையும் அந்த நூல்லயே எடுங்க. குச்சி எப்படி நின்னாலும் ஒண்ணுதான்.

நொய்யல்
இதுதான் சரியான வழி.

பொள்ளாச்சிக்காரருக்கு: பொள்ளாச்சிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவுல 0.64 டிகிரிதான். ஒரு மீட்டர் குச்சியில அது 11 மில்லிமீட்டர் வித்தியாசம். நிழல் விளிம்பே 9 மில்லிமீட்டர் அகலத்துக்கு மங்கலா இருக்கும், ஏன்னா சூரியன் புள்ளி இல்லை, அரை டிகிரி அகலத் தட்டு. ஊருக்கு ரெண்டு மில்லிமீட்டர் தப்பினாலே விடை மூணுல ஒரு பங்கு போயிரும். பைக்ல போயிட்டு வர தூரம் இந்த முறைக்குப் பத்தாது.

பொள்ளாச்சி_தென்னை
அப்ப நிழல் இல்லா நாள்ல செஞ்சா? அன்னைக்கு எனக்கு நிழலே இல்லை, ஒரு ஊர்ல மட்டும் அளந்தாப் போதுமே.

நொய்யல்
போதும். நடுப்பகல் வெயில் நேரா அடி வரைக்கும் விழுந்த சையீன் கிணறும் அதே கதைதான். ஆனா அடுத்த ஊர் டில்லி மாதிரி தூரமா இருக்கணும். ஏப்ரல்ல நம்ம ஊர் நிழல் மறையற அன்னைக்கு டில்லியில ஒரு மீட்டர் குச்சிக்கு 32.5 செ.மீ வரும். டில்லிக்கு மட்டும் அந்த நாள் வராது, கடகரேகைக்கு வடக்கே இருக்கிறதால.

மங்கலான விளிம்பைப் பத்தி ஒண்ணு. கண்ணு தானா கருப்பு முடியற இடத்தைத்தான் நுனின்னு எடுக்கும். அது சூரியனோட மேல் விளிம்புக்கு உரிய நிழல், நடுவுக்கு உரியது இல்லை. கால் டிகிரி குறையும். கழிக்கிற நாள்ல ரெண்டு ஊர்லயும் அதே தப்பு வந்து அடிபட்டுப் போயிரும். கூட்டுற நாள்ல ரெண்டும் சேரும், 18.0 இருக்க வேண்டியது 17.5-ல நின்னு சுற்றளவு 41,000 தாண்டிப் போகும். குச்சி நுனியில நட்டுக்கடையில கிடைக்கிற வாஷரைப் படுக்க வெச்சு ஒட்டுங்க. நிழலுக்கு நடுவுல வட்டமா வெளிச்சப் பொட்டு விழும், அதோட மையத்தை அளங்க. உயரம் வாஷர் ஓட்டை வரைக்கும்.

கோள்மீன்
எல்லாம் சரி. ஆனால் அந்த 1,995 எங்கிருந்து வந்தது? மேப்பில் நேர்க்கோட்டுத் தூரம் கேட்டால், அது பூமியின் ஆரத்தை வைத்துத்தான் கணக்கிட்டுத் தருகிறது. விடையை உள்ளே போட்டு விடையை வெளியே எடுக்கிறீர்கள். சுற்றளவை அளந்ததாக இதை எப்படிச் சொல்ல முடியும்?

நொய்யல்
நியாயமான கேள்வி. ஆனா ரோடு தூரத்தை வளைவு நீக்கி எடுக்க வேற வழி சொல்லுங்க.

கோள்மீன்
நில அளவையாளர் வில்லியம் லாம்டன் எப்படிச் செய்தார்? 1802-இல் சென்னையில் சங்கிலி வைத்து அடிக்கோடு அளந்து, அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தூரத்தைக் கொண்டு போனார். கோணத்தை நட்சத்திரத்தை வைத்து எடுத்தார். நம் கோவை ஜில்லாவிலேயே அவருக்கு ஒரு நிலையம் இருந்தது, பழைய ஆங்கிலப் பதிவுகளில் Putchapolliam என்று வரும். அங்கே பூமியின் அளவு முன்கூட்டி உள்ளே வரவில்லை. மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது அந்த வேறுபாடு.

தறிச்சத்தம்
அச்சடிச்ச வரைபடத்துல ஸ்கேல் வெச்சு அளந்தா? அந்த ஸ்கேல் சர்வேயில இருந்து வந்ததுதானே.

கோள்மீன்
2,000 கி.மீ-ஐ ஒரு தாளில் காட்டும் வரைபடத்தை வரையவே பூமியின் அளவு வேண்டும். சின்னத் தாள்களாக ஒட்டி அளந்தால் ஒருவேளை ஒப்புக்கொள்வேன்.

நொய்யல்
காரோட கிலோமீட்டர் காட்டியும், ஒவ்வொரு துண்டுக்கும் திசைகாட்டியும் வெச்சு வடக்கு நோக்கிப் போன தூரத்தை மட்டும் கூட்டிக்கிட்டே போகலாம். பல நாள் பயணம். அதுவரைக்கும் திங்கக்கிழமைக்கு 1,995 போட்டு, "மேப்பில் எடுத்தது"ன்னு பக்கத்துல எழுதறதுதான் நேர்மை.

அமராவதி_கரை
நேத்து மறுபடி எடுத்தோம். எனக்கு 12:25-க்குக் குட்டை நிழல், 22.8. தம்பிக்கு 8.7. கூட்டினா 17.8, சுற்றளவு 40,300. ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். இங்க மேகம் மூடிருச்சு, இனி அளக்க முடியாது.

நொய்யல்
நல்லா வந்திருக்கு. ஆனா 40,000-க்குப் பக்கத்துல இருக்குன்னு அதையே சரின்னு எடுத்துக்காதீங்க. கச்சிதமா அளந்தாலும் இந்த ரெண்டு ஊருக்கு 39,850-தான் வரணும். பூமி துருவத்துல தட்டையா இருக்கிறதால, நம்ம பக்கம் ஒரு டிகிரி 110.7 கி.மீ, துருவத்துப் பக்கம் 111.7. உங்க நிழல் சரி. தம்பியோடது 9.0-க்கு மூணு மில்லிமீட்டர் குறையுது. அவர் வாஷர் வெச்சாரா, இல்லை கருப்பு முடியற இடத்தை எடுத்தாரா?

பொள்ளாச்சி_தென்னை
வாஷர் ஓட்டை எத்தனை மில்லிமீட்டர் இருக்கணுமுங்க?

நொய்யல்
அஞ்சு. அதுக்கு மேல போனா பொட்டு பெருசாகி மையம் பிடிக்கக் கஷ்டம். ரொம்பச் சின்னதாப் போனா வெயில்ல பொட்டு மங்கிரும்.