கலைச்சொல் தேவை: படுத்தால் வரும் திணறல், உறக்கத்தில் எழுப்பும் திணறல்

ஜெஸ்லின் (தக்கலை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கிளினிக்கில் மூச்சு முட்டுகிறது என்று வருகிறவர்களிடம் டாக்டர் பார்க்குமுன் நாங்கள் நர்சுகள் கேட்டு எழுத ஒரு கேள்வித்தாள் தயாராகிறது. ஆர்த்தோப்னியா, பராக்ஸிஸ்மல் நாக்டர்னல் டிஸ்னியா, இந்த இரண்டுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும். முதலாவது படுத்த உடனே வருவது, எழுந்து உட்கார்ந்தால் தணிவது. இரண்டாவது நன்றாக உறங்கிக்கொண்டிருக்கும்போது ஆளை எழுப்பிவிடுவது. 'கிடைமுட்டு', 'நள்ளிரவுத் திணறல்' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். 'இளைப்பு' என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்தேன். எங்கள் பக்கம் களைப்பையும் அதுதான் சொல்லும், உடம்பு மெலிவதையும் அதுதான் சொல்லும்.

தாணு (சுசீந்திரம்) எழுதியது:

இதற்கு ஏன் புதுச்சொல்? சித்த மருத்துவத்தில் இரைப்பு, இரைப்பிருமல் என்று காலங்காலமாக இருக்கிறதே. ஆஸ்துமாவுக்கு அதைவிட நல்ல சொல் கிடைக்காது.

ஜெஸ்லின் எழுதியது:

தாணு அண்ணன், நான் ஆஸ்துமாவுக்குச் சொல் கேட்கவில்லை. இருதயம் தளர்ந்து வருகிற திணறலையும் நுரையீரல் நோயில் வருகிற திணறலையும் பிரித்துப் பார்க்க உதவும் இரண்டு அறிகுறிகளுக்குத்தான் கேட்கிறேன். இரைப்பு என்று எழுதிவிட்டால் கேட்கும்போதே பாதி முடிவு சொன்னது போல ஆகிவிடும்.

சுயம்பு (நாகர்கோவில், தமிழாசிரியர்) எழுதியது:

ஆர்த்தோ என்றால் கிரேக்கத்தில் நேரானது, நிமிர்ந்தது. ப்னியா மூச்சு. ஆகவே 'நிமிர்மூச்சு'. வினைத்தொகையாக அழகாக அமைகிறது. 'கிடைமுட்டு' வேண்டாம். நம் ஊரில் முட்டு என்றால் முழங்காலும் ஆகும். "கிடைமுட்டு உண்டா" என்று கேட்டால் பாட்டிமார் சேலையை விலக்கி முழங்காலைக் காட்டுவார்கள். இன்னொன்று, இவ்வளவு நுணுக்கம் தேவையா என்றும் யோசிக்கிறேன். நெஞ்சில் விசில் சத்தம் கேட்டால் நுரையீரல், கேட்காவிட்டால் இருதயம். என் மாமனாருக்கு அப்படித்தான் சொன்னார்கள்.

டாக்டர் நாகராஜன் (நாகர்கோவில்) எழுதியது:

சுயம்பு சார், 'முட்டு' என்ற சொல்லைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, அதை விட்டுவிடலாம். விசிலைப் பற்றிச் சொன்னது பாதிதான் சரி. இருதயம் பம்ப் செய்ய முடியாமல் திணறும்போது நுரையீரலில் நீர் தேங்கும். அந்த நீர் மூச்சுக்குழாய்களின் சுவரையும் வீங்க வைக்கும். குழாய் குறுகினால் யாருக்கும் விசில் வரும். அந்தக் காலத்து டாக்டர்கள் இதைக் 'கார்டியாக் ஆஸ்துமா' என்றே சொன்னார்கள். நெபுலைசர் வைத்தால் கொஞ்சம் தணியவும் செய்யும். அந்தக் 'கொஞ்சம்' ஆளை ஏமாற்றிவிடும், மறுபடி மறுபடி நெபுலைசரே வைத்துக்கொண்டிருப்பார்கள்.

'நிமிர்மூச்சு' எனக்கு உறுத்துகிறது. நிமிர்ந்தால் தணிகிறது என்பது நோயாளி கண்டுபிடித்த நிவாரணம். அவர் முறையிடுவது படுக்கையைப் பற்றி. தவிர, நிமிர்ந்து உட்கார்ந்தால் திணறி, படுத்தால் தணிகிற நோயும் உண்டு. ஈரல் கெட்டுப்போன சிலருக்கு அப்படி வரும், அதைப் பிளாட்டிப்னியா என்பார்கள். 'நிமிர்மூச்சு' என்ற சொல்லைப் படிக்கிறவர் அதைத்தான் நினைப்பார். 'கிடைத்திணறல்' என்று வைக்கலாம்.

ராபின் (குளச்சல்) எழுதியது:

'நள்ளிரவுத் திணறல்' என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள். எங்கள் அப்பாவின் நோயைக் கண்டுபிடிப்பதில் 'ராத்திரி' என்ற அந்தச் சொல்லால்தான் ஐந்து வாரம் இழந்தோம்.

அப்பாவுக்கு 61 வயது. முப்பது வருடத்துக்கு மேல் பீடி. கடல் தொழிலை விட்டபிறகு துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கிடங்கில் இரவுக் காவல். ராத்திரி முழுவதும் நாற்காலியில் இருப்பார். காலை ஏழரைக்கு வந்து, குளித்து, பழங்கஞ்சி குடித்துவிட்டுப் பாயில் படுப்பார். ஒன்பது மணி வாக்கில் திடுக்கென்று எழுந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, வாயைத் திறந்து மூச்சு வாங்குவார். அடங்க இருபது நிமிடம் ஆகும். பிறகுதான் இருமல் வரும்.

ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். "ராத்திரி மூச்சு முட்டுதா?" என்று கேட்டார்கள். அப்பா உண்மையைத்தான் சொன்னார்: "இல்லை." பீடி குடிக்கிறவர், நெஞ்சில் விசில். நெபுலைசர் வைத்து, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பிறகும் இரண்டு தடவை போனோம், இரண்டு தடவையும் அதே. ராத்திரி அவர் படுக்கவே இல்லை என்பதை யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தெரியவில்லை.

டாக்டர் நாகராஜன் எழுதியது:

தம்பி ராபின், இதைப் படித்தபிறகு அந்தப் பெயரை நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நடந்தது இதுதான். ராத்திரி முழுவதும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் நீர் கணுக்காலில் இறங்கும். அப்பா காலையில் சப்பாத்தைக் கழற்றும்போது பட்டை போட்ட தடம் இருந்திருக்கும். படுத்தபிறகு அந்த நீர் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குத் திரும்பும். பலவீனமான இருதயம் அந்தச் சுமையைத் தள்ள முடியாமல் நுரையீரலில் தேக்கிவிடும். அதனால்தான் படுத்த உடனே வராமல் ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து வருகிறது, எழுந்து நின்றாலும் சட்டென்று அடங்காமல் நேரம் எடுக்கிறது. கடிகாரத்துக்கு இதில் பங்கில்லை, படுக்கைக்குத்தான் பங்கு. ஆஸ்துமாதான் பெரும்பாலும் கடிகாரத்தைப் பார்த்து வரும், விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு. ஆகவே பெயரில் 'இரவு' என்று வைத்தால் பிரிக்க வேண்டிய இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடுகிறோம்.

தம்பி கடைசியில் ஒன்று எழுதினாரே, திணறல் முதலில், இருமல் பிறகு என்று. பீடி நுரையீரலில் பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். இருமி இருமி மூச்சு முட்டும், கொஞ்சம் சளி வெளியே போனால் ஆசுவாசம். இதைக் கேட்கச் செலவே இல்லை.

ராபின் எழுதியது:

தடம் இருந்தது சார். ராத்திரி முழுவதும் உட்கார்ந்தே இருப்பதால் என்று நினைத்தோம்.

ஐந்தாவது வாரம் வேறொரு டாக்டர் அப்பாவைச் சாய்வாகப் படுக்க வைத்துக் கழுத்தைத்தான் முதலில் பார்த்தார். நரம்பு காதுக்குக் கீழே வரை புடைத்து நின்றது. இருதயம் துடிக்கும் இடத்தைக் கைவைத்துத் தேடினார், அக்குள் பக்கம் தள்ளிப் போயிருந்தது. முதுகில் அடிப்பக்கம் குழாயை வைத்து, இருமச் சொல்லி மறுபடி கேட்டார். "இருமின பிறகும் பொரியுது" என்றார். இருதயம் சிரமப்பட்டால் ரத்தத்தில் கூடுகிற புரோ பி.என்.பி. என்ற பொருளைப் பார்த்தார்கள், 3800 என்று வந்தது. எக்ஸ்ரேயில் இருதயம் பெரிது. எக்கோவில் பம்பிங் 30 சதவீதம். நீர் மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் பாயில் முழுதாக ஒரு உறக்கம் உறங்கினார்.

சுயம்பு எழுதியது:

அப்படியானால் அந்த ரத்தப் பரிசோதனையை முதலிலேயே எல்லோருக்கும் எடுத்துவிட்டால் போதாதா? கேள்வித்தாளும் வேண்டாம், கலைச்சொல்லும் வேண்டாம்.

டாக்டர் நாகராஜன் எழுதியது:

போதாது சார். அந்தப் பரிசோதனை 'இல்லை' என்று சொல்வதில் கெட்டி. 'ஆம்' என்று சொல்வதில் அவ்வளவு இல்லை. என்.டி. புரோ பி.என்.பி. 300 பைகோகிராமுக்குக் கீழே இருந்தால், திடீர்த் திணறலுக்கு இருதயத் தளர்ச்சி காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ராபினின் அப்பா வயதில் 900-க்கு மேல் போனால் இருதயத்தைச் சந்தேகிக்க வேண்டும். 75 தாண்டியவர்களுக்கு அந்தக் கோடே 1800. நடுவில் வருகிற எண்தான் ஆளைக் குழப்பும். சிறுநீரகம் கெட்டவருக்குக் கூடும், நாடித்துடிப்பு ஒழுங்கற்றவருக்குக் கூடும். நுரையீரல் நோய் முற்றி இருதயத்தின் வலப்பக்கம் சிரமப்பட்டாலும் கூடும். அதாவது நாம் எதைப் பிரிக்க நினைக்கிறோமோ அதுவே எண்ணைக் கூட்டிவிடும். பருமனானவர்களுக்கு மாறாக, நோய் இருந்தும் குறைவாகக் காட்டும். 3800 வந்தபோது அதைப் புடைத்த கழுத்து நரம்போடும் காலை ஒன்பது மணித் திணறலோடும் சேர்த்து வைத்ததால்தான் அதற்கு அர்த்தம் கிடைத்தது.

இருமச் சொல்லிக் கேட்டாரே, அது நல்ல கை. சளியால் வருகிற முரட்டுச் சத்தம் இருமினால் இடம் மாறும் அல்லது மறையும். நீர் தேங்கி வருகிற மெல்லிய பொரிச்சல் அப்படியே இருக்கும். நுரையீரல் தழும்பேறியவர்களுக்கும் அப்படியே இருக்கும் என்பதால் அதை மட்டும் நம்பவும் முடியாது.

தாணு எழுதியது:

எங்கள் அம்மா பத்து வருடமாக மூன்று தலையணை வைத்துத்தான் படுக்கிறாள். எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

டாக்டர் நாகராஜன் எழுதியது:

பயப்படுமுன் ஏன் என்று கேளுங்கள் தாணு. நெஞ்செரிச்சலுக்காகவும் வைப்பார்கள், கழுத்து வலிக்காகவும் வைப்பார்கள். தலையணை நழுவினால் என்ன ஆகிறது என்று கேளுங்கள். மூச்சு முட்டி எழுகிறாள் என்றால் அழைத்து வாருங்கள். பத்து வருடம் மூன்றாக இருந்தது இந்த மாதம் நான்கு ஆகியிருந்தாலும் அழைத்து வாருங்கள்.

தாணு எழுதியது:

கேட்டேன். புளிச்ச ஏப்பமாம். ஆனாலும் ஒருநாள் கூட்டி வருகிறேன்.

சுயம்பு எழுதியது:

'கிடைத்திணறல்' என்பதை ஏற்கிறேன். இரண்டாவதற்கு 'உறக்கமுறி திணறல்' என்று வைத்துப் பாருங்கள். உறக்கத்தை முறிக்கும் திணறல். வினைத்தொகை, ஆகவே நடுவில் 'த்' போடக் கூடாது. நம் மாவட்டத்தில் தூக்கம் என்பதைவிட உறக்கம்தான் வாயில் வரும்.

டாக்டர் நாகராஜன் எழுதியது:

நன்றாக இருக்கிறது. பகல், இரவு எதுவும் அதில் இல்லை. இதே வார்ப்பில் இன்னொன்றும் சேர்க்கலாம். குனிந்தால் அரை நிமிடத்துக்குள் முட்டுவதற்கு 2014-இல்தான் ஆங்கிலத்தில் பெண்டாப்னியா என்று பெயர் வைத்தார்கள். நமக்கு 'குனிதிணறல்'. ஒரு எச்சரிக்கை: கிடைத்திணறல் இருதயத்துக்கு மட்டும் உரியது அல்ல. நுரையீரல் நோய் முற்றியவர்களும் மல்லாந்து படுக்க முடியாமல் தவிப்பார்கள். உதரவிதானம் செயலிழந்தவருக்குப் படுத்த கணமே முட்டும். பெயரில் 'இருதய' என்ற அடைமொழி எதுவும் ஒட்டாமல் இருக்கட்டும்.

ராபின் எழுதியது:

அப்பாவுக்கு நீர் வடிந்தபிறகு ஊதுகிற டெஸ்ட்டும் எடுத்தார்கள். பீடியின் வேலை நுரையீரலிலும் இருக்கிறதாம். இரண்டும் இருக்கிற ஆளுக்கு இன்றைக்கு முட்டுவது எதனால் என்று எப்படிச் சொல்வது சார்?

டாக்டர் நாகராஜன் எழுதியது:

பல நாள் எனக்கும் உடனே தெரியாது தம்பி. தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறிக் காலும் வீங்கினால் நீர் என்று நினைப்பேன். எடை மாறாமல் சளி மஞ்சளாகிக் கூடினால் நுரையீரல் என்று நினைப்பேன். இரண்டும் சேர்ந்து வருகிற நாளும் உண்டு.

ஜெஸ்லின் எழுதியது:

கேள்வியை இப்படி மாற்றியிருக்கிறேன்: "நீங்கள் எப்போது படுப்பீர்கள்? படுத்து எவ்வளவு நேரத்தில் முட்டுகிறது? எழுந்தால் அடங்க எவ்வளவு நேரம்?" தலைப்பில் கிடைத்திணறல், உறக்கமுறி திணறல். எத்தனை தலையணை என்ற கேள்விதான் நிற்கிறது. கடற்கரை ஊர்களில் பலர் பாயில் சாரத்தைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுக்கிறார்கள், அங்கே தலையணையை எண்ண முடியாது. தலை எவ்வளவு உயரம் என்பதற்கு எதைக் கொண்டு அளவு கேட்கலாம்?

ராபின் எழுதியது:

அப்பா முட்டின நாட்களில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே உறங்கினார். "படுத்து உறங்கினீங்களா, சாய்ஞ்சு உறங்கினீங்களா" என்று கேட்டுப் பாருங்கள் அக்கா.