காசுமாலையின் மஞ்சள் தாடையில் விழுந்தால் அதற்கு என்ன பெயர்?

கேட்டவர்: நண்பர்களே, மணமகள் படங்களைத் திருத்துபவருக்குக் குறிப்பு எழுத ஒரு சொல் வேண்டும். மாநிறப் பெண், அட்டிகை, அதற்குக் கீழே காசுமாலை. ஜன்னல் வெளிச்சம் காசுகளில் பட்டு எழும்பி, தாடையின் அடியிலும் கழுத்திலும் மஞ்சளாக விழுந்திருக்கிறது. நெற்றியும் கன்னமும் அவருடைய நிறத்திலேயே இருக்கின்றன. ‘கலர் ஸ்பில்’ என்பதற்கு ‘நிறக்கசிவு’ பொருந்துமா?

நிழற்படக்காரர்: ‘நிறச்சாயல்’ என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே. சாம்பல் அட்டையை முகத்தருகே பிடித்து ஒரு படம் எடுத்து, வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்தால் மஞ்சள் போய்விடும்.

மூத்த படத்திருத்துநர்: சாம்பல் அட்டை தேவைதான், ஐயா. ஆனால் இது அதற்குக் கட்டுப்படாது. நிறச்சாயல் படம் முழுவதும் படிவது. மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்தால் கண்ணின் வெண்மையும் தலையில் வைத்த மல்லிகையும்கூட மஞ்சளிக்கும். இங்கே மல்லிகை வெள்ளையாகவே இருக்கிறது, தாடையடி மட்டும் மஞ்சள். அந்த மஞ்சளைப் போக்க முழுப் படத்தையும் நீலத்துக்கு நகர்த்தினால் நெற்றி சாம்பல் பூத்துவிடும். அதை மறைக்க வெளுப்பார்கள். மாநிறப் பெண் ஆல்பத்தில் வேறொருத்தியாகிவிடுவாள். எத்தனையோ தாய்மார் “இது என் மகளா?” என்று கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

ஒப்பனைக் கலைஞர்: எங்களைக் குறை சொல்கிறீர்களோ என்று நினைத்தேன். போன மாதம் ஒரு மணமகளின் முகம் வெளிறி, கழுத்து மட்டும் தனியாகத் தெரிந்தது. ஃபவுண்டேஷனைக் கையில் தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தேன்; தாடையோரத்தில், பகல் வெளிச்சத்தில் பார்த்திருக்க வேண்டும். அதையும் இந்தச் சொல்லால் குறிக்கலாமா?

மூத்த படத்திருத்துநர்: கூடாது, அம்மா. அது பூச்சின் பிழை. மாலையின் மேல் ஒரு கறுப்புத் துணியைப் போட்டுப் பாருங்கள். மஞ்சள் மறைந்தால் பொன்னின் வேலை. வேறுபாடு அப்படியே நின்றால் பூச்சின் வேலை.

யாழ்ப்பாண ஆசிரியர்: ‘கசிவு’ என்றால் உள்ளிருந்து ஊறி வருவது. இது பட்டுத் திரும்புவது. எங்கள் பாடநூல்களில் ஒளித்தெறிப்பு என்றே படித்தோம். ‘நிறத்தெறிப்பு’ என்று வைக்கலாம்.

நிழற்படக்காரர்: தமிழ்நாட்டில் ஒளி எதிரொளிப்பு என்றுதான் படித்தோம். தெறிப்பு என்றால் சாயம் தெறித்துவிட்டது என்று எங்கள் பையன்கள் புரிந்துகொள்வார்கள்.

கேட்டவர்: அந்த ஐயம் எனக்கும் உண்டு. ஆனாலும் ‘நிறஎதிரொளிப்பு’ வாயில் நுழையவில்லை. இந்த ஆல்பத்துக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: “தாடையடியில் காசுமாலையின் நிறத்தெறிப்பு, அங்கே மட்டும் மஞ்சளைப் பாதியாகக் குறைக்கவும். நெற்றி, கன்னம் சரியாக உள்ளன, தொட வேண்டாம்.” படிப்பவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்று பார்த்து எழுதுகிறேன்.

மூத்த படத்திருத்துநர்: ‘பாதியாக’ என்று எழுதியது நல்லது. முழுக்க எடுத்தால் அவர் பொன் அணிந்திருப்பதே பொய்யாகத் தெரியும். அரக்குப் பட்டின் சிவப்பு முன்கையில் விழுவதையும் இதே சொல்லால் குறிக்க முடிகிறதா என்று பாருங்கள்.