உழவு இயந்திரம்: வைப்பை உடைக்கவா, லீசிங் போடவா?

வணக்கம் உறவுகளே. பரந்தன் பக்கம் வயல் செய்கிறோம். பாவித்த உழவு இயந்திரம் ஒன்று 12 லட்சத்துக்குப் பொருந்தி வந்திருக்கு. வங்கியில் அம்மாவின் பெயரில் அதே அளவு நிலையான வைப்பு 8 வீதத்தில் கிடக்கு. லீசிங்காரர் 9 வீதம் என்கிறார். "ஒரு வீதம்தானே வித்தியாசம், காசைத் தொடாதேங்கோ" என்பது அவர் கதை.

கணக்குப் பார்த்தேன். மாதம் 34,000 படி 48 மாதம், மொத்தம் 16,32,000. வட்டி மட்டும் 4,32,000. முதல் குறையக் குறைய வட்டி குறைவதில்லை. கடைசி மாதமும் முழு 12 லட்சத்துக்குத்தான் வட்டி. குறையும் மீதிக்கு வட்டி போட்டுப் பார்த்தால் அது வருடத்துக்கு 16 வீதத்தளவில் வருது. வைப்பு வட்டியிலோ 10 வீத வரி கழிய மாதம் 7,200தான் கைக்கு வரும்.

அப்ப காசு கொடுத்து வாங்கிவிட்டு, அந்த 34,000ஐ மாதாமாதம் வங்கியில் போடுவதுதான் லாபம். ஆனால் எங்களுக்கு மாதச் சம்பளம் இல்லை, பெரும்போக நெல் விற்றால்தான் காசு. வைப்பை உடைத்தபின் வெள்ளமோ வருத்தமோ வந்தால் கையில் ஒன்றும் இராது. அதுதான் பயமாக இருக்கு.

வைப்பை ஈடு வைத்து வங்கியிலேயே கடன் எடுத்த அண்ணாமார், அக்காமார் இருக்கிறீங்களா? வட்டி எவ்வளவு கூட்டிப் போட்டவை? அறுவடைக்கு அறுவடை கட்ட விடுவினமா? இந்தக் கிழமை முடிவு சொல்லவேணும்.