போன் இன்டர்வியூவில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்றதும் தடுமாறுகிறேன், உதவுங்கள்

நெல்லை_தாமிரா:
சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் அப்பாயின்ட்மென்ட் டெஸ்க் வேலைக்கு விண்ணப்பித்தேன். நோயாளிகளிடம் தமிழில் போனில் பேசி டாக்டரைப் பார்க்க நேரம் ஒதுக்கித் தரும் வேலை. முதல் சுற்று வெறும் போன் கால்தான். இதே மாதிரி வேறு இடத்திலும் ஒன்று முடிந்தது. இரண்டுமே அறிமுகத்தோடு முடிந்துவிட்டன.

நேர் இன்டர்வியூ என்றால் எனக்குப் பயமில்லை. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்தே எங்கே நிறுத்தணும் என்று தெரிந்துவிடும். போனில் அந்தப் பிடி இல்லை. போன வாரம் நான் சொன்னது இது (நவீனா என்பது என் உண்மைப் பெயர் இல்லை):

"என் பேர் நவீனா சார் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் அப்பா விவசாயம் அம்மா வீட்ல இருக்காங்க ஒரு தம்பி கோயம்புத்தூர்ல படிக்கிறான் நான் பி.காம் அறுபத்தெட்டு பர்சன்ட் ரெண்டு வருஷம் ஒரு ஜவுளிக்கடையில பில்லிங் பார்த்தேன் டைப்பிங் தெரியும் பாட்டு கேட்பேன்..."

முடித்ததும் அந்தப் பக்கம் நாலு வினாடி சத்தமே இல்லை. அவர் "ஹலோ?" என்றார், நானும் அதே நேரத்தில் "ஹலோ" என்றேன். பதற்றத்தில் திரும்ப முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிட்டேன். "சரிம்மா, சொல்லி அனுப்புறோம்" என்று வைத்துவிட்டார். ப்ளூடூத் இயர்போனில் பேசினேன், மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. என்ன மாற்றணும்? இந்த வெள்ளிக்கிழமை காலை இன்னொரு கால் இருக்கிறது.

கோவை_ராஜ்:
மெதுவா, சத்தமா பேசுங்க, அவ்வளவுதான். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்துவிட்டால் கை ரெண்டும் ஃப்ரீயா இருக்கும், டென்ஷன் குறையும்.

மதுரை_செல்வி:
எனக்கும் போன மாதம் இதே கதைதான். வெளிர் நீலச் சட்டை போட்டு, பின்னால் வெள்ளைச் சுவர் வருகிற மாதிரி உட்கார்ந்தேன். கேமராவை நேராகப் பார்த்துப் பேசணும் தங்கச்சி, திரையைப் பார்க்கக் கூடாது.

நெல்லை_தாமிரா:
நன்றி அக்கா, ஆனால் எனக்கு வீடியோ இல்லை, குரல் மட்டும்தான்.

வாய்ஸ்_ரவுண்டு:
ஒன்பது வருஷமாக இந்த மாதிரி வேலைகளுக்குப் போன் சுற்று எடுக்கிறேன். தாமிரா, உங்களிடம் தகுதி குறைவு இல்லை. அந்தப் பக்கம் இருப்பவர் காதில் என்ன விழுந்தது என்பதில்தான் சிக்கல்.

ராஜ் சொன்னதில் 'மெதுவா' சரி, ஸ்பீக்கர் வேண்டாம். ஸ்பீக்கரில் போட்டால் அறையின் எதிரொலி எல்லாம் மைக்கில் ஏறும். ஒருவர் பேசும்போது மற்றவர் குரலைப் போனே அமுக்கிவிடவும் செய்யும். சத்தம் கூட்டினால் குரல் கரகரக்கும். இயல்பான குரலே போதும். ப்ளூடூத்தும் வேண்டாம், பல செட்டுகளில் மைக் வேலை செய்யத் தொடங்கியதும் ஒலித்தரம் இறங்கிவிடும். போனைக் காதில் வைத்தே பேசுங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். அந்த இரைச்சலைக் குறைக்கப் பார்க்கிற போன், கூடவே உங்கள் சொற்களின் ஓரத்தையும் வெட்டிவிடும்.

அடுத்தது பெயர். பழைய வகை போன் லைன் சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். ரெண்டு பக்கமும் 4ஜி வாய்ஸ் என்றால் இதைவிட நன்றாகக் கேட்கும், ஆனால் அவர் எந்த லைனில் இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. நேரில் உதட்டைப் பார்த்தே ம-வா ந-வா என்று புரிந்துவிடும், போனில் அந்த வசதி இல்லை. நவீனா, 'மவீனா' ஆகிவிடும். பேச ஆரம்பித்ததும் முதல் அசை வெட்டுப்படுவதும் உண்டு. அதனால் பெயரில் ஆரம்பிக்காதீர்கள். "வணக்கம் சார்" சொல்லுங்கள், அவர் பதில் வணக்கம் சொல்லும்வரை நில்லுங்கள், அப்புறம் பெயர், பெயருக்குப் பின் ஒரு மூச்சு. எண்களும் இப்படித்தான். அறுபத்தெட்டும் இருபத்தெட்டும் போனில் ஒன்று போலக் கேட்கும். "ஆறு எட்டு, அறுபத்தெட்டு" என்று சொன்னால் தப்பாது. நீங்களாகச் சொல்லாமல், கேட்டால் மட்டும் சொன்னாலும் போதும்.

கடைசியாக அந்த நாலு வினாடி. நேரில் என்றால் நீங்கள் வாயை மூடிச் சாய்ந்து உட்காருவதைப் பார்த்து, முடித்துவிட்டீர்கள் என்று தெரிந்துகொள்வேன். போனில் அமைதி வந்தால் லைன் போய்விட்டதோ என்றுதான் தோன்றும். அதனால் முடிந்தது என்பதை வாயால் சொல்லிவிட வேண்டும். நான் எழுதினால் இப்படி:

"வணக்கம் சார்... என் பேர் நவீனா... ஊர் அம்பாசமுத்திரம், பி.காம் முடிச்சிருக்கேன்... ரெண்டு வருஷம் ஒரு ஜவுளிக்கடையில பில்லிங் பார்த்தேன். பில்லுல தப்புன்னு கோபமா வர்றவங்களை நான்தான் பேசி அனுப்புவேன்... போன்ல பேசுற இந்த வேலைக்கு அது உதவும்னு விண்ணப்பிச்சேன். இவ்வளவுதான் சார், நீங்க கேளுங்க."

புள்ளி வைத்த இடமெல்லாம் ஒரு மூச்சு. முக்கால் நிமிடத்துக்குள் முடியும். கோபமாக வருபவர்களை நீங்கள் பேசி அனுப்பியது உண்மையாக இருந்தால் மட்டும் அந்த வரியை வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கேள்வி அதிலிருந்துதான் வரும். அப்பா, தம்பி, பாட்டு எல்லாம் அவர் கேட்டால் சொல்லலாம். வணக்கத்திலும் கடைசி வரியிலும் நிஜமாகவே சிரித்துக்கொண்டு பேசுங்கள். உதடு விரிந்தால் குரலின் தொனி மாறும், அது போனில் கேட்கும். கோபக்கார வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும் வேண்டாம்.

நெல்லை_தாமிரா:
உண்மைதான் சார், ஆடித் தள்ளுபடி நேரத்தில் தினமும் ரெண்டு மூணு பேராவது பில்லைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். இன்னொன்று, அவர் பேசும்போது நான் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன். அதற்குப் பதில் "ம், ம்" போடலாமா?

வாய்ஸ்_ரவுண்டு:
அவர் வாக்கியம் முடிந்த பிறகு ஒரு "சரிங்க சார்" போதும். நடுவில் போட்டால் கொஞ்சம் தாமதமாகப் போய் அவருடைய அடுத்த சொல்லில் மோதும். நீங்கள் இருவரும் சேர்ந்து "ஹலோ" சொன்னதற்கும் அந்தத் தாமதம் ஒரு காரணம்.

நெல்லை_தாமிரா:
நேற்று இரவு தம்பிக்குப் போன் போட்டு, காதில் விழுவதை அப்படியே தாளில் எழுதச் சொன்னேன். முதல் முறை பழைய மாதிரியே, ப்ளூடூத், மின்விசிறியோடு. அவனுக்கு என் பெயர் தெரியும் என்பதால் வேறு ஒரு பெயரைச் சொல்லிப் பார்த்தேன். மாலா என்றேன், 'பாலா' என்று எழுதியிருக்கிறான். மார்க் இருபத்தெட்டு! போனைக் காதில் வைத்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னபோது எல்லாம் சரியாக வந்தது. ஆனால் புதுச் சிக்கல்: "பி.காம் முடிச்சிருக்கேன்" என்று நிறுத்தியதும் நான் முடித்துவிட்டேன் என்று நினைத்து அவன் கேள்வி கேட்டுவிட்டான்.

வாய்ஸ்_ரவுண்டு:
நல்ல சோதனை. நடுவில் நிறுத்தும்போது குரலை இறக்காதீர்கள், "முடிச்சிருக்கேன்" கொஞ்சம் மேலேயே நிற்கட்டும். கடைசி வரியில் மட்டும் இறக்குங்கள். அப்படியும் குறுக்கே கேட்டால் பதில் சொல்லுங்கள், விட்ட அறிமுகத்துக்குத் திரும்ப வேண்டாம்.

கோவை_ராஜ்:
ஸ்பீக்கர் விஷயம் புரிந்தது சார். ஆனால் திரும்ப வேண்டாம் என்பதை ஏற்க முடியவில்லை. ஜவுளிக்கடை அனுபவம்தான் அவங்க பலம், அதைச் சொல்லாமலே கால் முடிந்துவிட்டால்? "ஒண்ணு மட்டும் சேர்த்துக்கிறேன் சார்" என்று சொல்லலாமே.

வாய்ஸ்_ரவுண்டு:
ஒரே ஒரு வரி என்றால் சரி. எனக்கு அது உறுத்தாது, சிலருக்கு உறுத்தும்.

மதுரை_செல்வி:
தங்கச்சி, எழுதி வைத்துப் பார்த்துப் படிச்சிராத. வாசிக்கிற குரல் தனியாத் தெரியும்.

நெல்லை_தாமிரா:
முழு வாக்கியம் எழுதவில்லை அக்கா. ஊர், பி.காம், பில்லிங், "நீங்க கேளுங்க" என்று நாலு சொல் மட்டும் தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அது கூட இல்லாமல் பேசினால் நல்லதா? போன் சுற்று எடுப்பவர்கள் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், வெள்ளி பதினோரு மணிக்குக் கால்.