யென்னில் சம்பளம், ஒயிட்ஃபீல்டில் வீடு: உங்களுக்கு எப்படி ஆனது?

சேகர், ஒயிட்ஃபீல்டு
டோக்கியோவில் வேலை பார்த்துக்கொண்டே 2021 தொடக்கத்தில் இங்கே ஒரு ஃபிளாட் புக் செய்தேன். அட்வான்ஸ் போக 60 லட்சம் பாக்கி, ஒவ்வொரு ஸ்லாப் போட்டதும் ஒரு தவணை கட்ட வேண்டும். அப்போது 100 யென்னுக்குச் சுமார் 70 ரூபாய் கிடைத்தது. பாதிப் பணத்தை உடனே அனுப்பி என்ஆர்இ டெபாசிட்டில் போட்டேன், மீதி 30 லட்சத்துக்காக 43 லட்சம் யென்னை அங்கேயே வைத்திருந்தேன். பில்டர் இழுத்தடித்ததில் 2022 அக்டோபர் வந்துவிட்டது, 100 யென் 56 ரூபாய் ஆகியிருந்தது, அந்த 43 லட்சம் யென்னுக்கு 24 லட்சம்தான் தேறியது. 6 லட்சம் துண்டு. தவணை வீடு வாங்கியவர்கள் பணத்தை எப்படிப் பிரித்து அனுப்பினீர்கள்?

ரஃபீக், துபாய்
அவசரப்பட்டு அனுப்பவே கூடாது பாய். ரூபாய் எப்போதும் இறங்கத்தான் செய்யும். நான் திர்ஹாமாகவே வைத்திருந்தேன், நல்ல லாபம்.

மாலதி, ஜெயநகர்
எனக்கும் இதே கவலைதான். மகள் அமெரிக்காவில் படிக்கிறாள், ஒவ்வொரு செமஸ்டருக்கும் ரூபாய் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. டெபாசிட் போட்டால் சரியாகுமா?

கணேசன், பசவனகுடி (வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்தவன்)
ரஃபீக் தம்பி, திர்ஹாம் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டிப்போட்டது. அதனால் உங்கள் கையில் இருந்தது டாலர்தான், டாலரோடு பார்த்தால் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் 2022-இல் அமெரிக்கா வட்டியை மளமளவென்று ஏற்றியது, ஜப்பான் ஏற்றவில்லை, யென் ரூபாயைவிட வேகமாக விழுந்தது. 2024 ஜூலையில் 100 யென் 52 ரூபாய் வரை போனது. ஆக, எந்த நாணயத்தில் சம்பளம் வருகிறது என்பதைப் பார்க்காமல் காத்திருக்கச் சொல்லக்கூடாது.

சேகர், தேதி தெரிந்த தவணைக்கு வேண்டியதை ரூபாயாக்கி, அந்தத் தேதியை ஒட்டி முதிர்கிற மாதிரி என்ஆர்இ டெபாசிட்டில் போட்டுவிடலாம். எஃப்சிஎன்ஆர் டெபாசிட்டில் யென்னாக வைத்தால் யென் விழும் ஆபத்து அப்படியே இருக்கும். உங்களுக்குச் சிக்கலே பில்டரின் தேதிதான், அது தள்ளிப்போனாலும் ரூபாய் டெபாசிட்டுக்கு வட்டி வரும், தொகை குறையாது. யென் ஏறியிருந்தால் அந்த லாபம் கைவிட்டுப் போயிருக்கும், அதுதான் இதற்குக் கொடுக்கும் விலை.

மாலதி அம்மா, உங்களுடையது தலைகீழ். சம்பாத்தியம் ரூபாய், செலவு டாலர். ரூபாய் டெபாசிட் உங்களைக் காப்பாற்றாது, அடுத்த செமஸ்டர் கட்டணத்தையாவது முன்கூட்டியே டாலராக்கி மகளின் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்.

சேகர்
வீட்டுக்கடன் எடுத்திருந்தால்?

கணேசன்
இஎம்ஐயையும் யென்னிலிருந்துதானே கட்டுவீர்கள்? ஆபத்து 15 வருடத்துக்குப் பரவும், போகாது. ஊர் திரும்பி இங்கே சம்பளம் வந்தால் கதை வேறு.

ரஃபீக், துபாய்
சரி, டாலர் விஷயத்தில் நான் காத்திருக்கத்தான் போகிறேன்.

சேகர்
என்னிடம் இன்னும் கொஞ்சம் யென் இருக்கிறது, இன்டீரியர் வேலைக்கு. இப்போதே மாற்று என்கிறாள் மனைவி, ஏறும் என்கிறான் அங்கே இருக்கும் நண்பன். வேலை தொடங்கும் தேதி இன்னும் முடிவாகவில்லை.