பாத்ரூமா, பால்கனியா: பாரிஸ் பக்கத்து வாடகை வீட்டில் வாஷிங் மெஷினை எங்கே வைப்பது?

லாஸ்பேட்டைப் பொண்ணு

வணக்கம். வீட்டுக்காரர் வேலைக்காக பாரிஸ் புறநகருக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. வாடகை வீடு, இரண்டாவது மாடி. சமையலறையில் மெஷினுக்கு இடமே கிடையாது. மிச்சம் இருப்பது ஜன்னல் இல்லாத பாத்ரூமும், தெருவைப் பார்த்த சின்ன பால்கனியும்தான். பாத்ரூமில் ஒரு மூலையில் ஷவர் தொட்டி இருக்கிறது. அதன் விளிம்பிலிருந்து எதிர்ச்சுவர் வரை டேப் பிடித்துப் பார்த்தேன், 105 செ.மீ. நாங்கள் பார்த்து வைத்திருப்பது முன்பக்கம் கதவு வைத்த 60 செ.மீ. அகல மெஷின், தாராளமாக நுழையும். ஆனால் ஊரில் அம்மா வீட்டில் பன்னிரண்டு வருஷமாக பால்கனியில்தான் ஓடுகிறது, அதனால் பால்கனியே மேல் என்றும் தோன்றுகிறது. பாப்பாவுக்கு 2 வயசு, துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு லாண்டரிக்கு அலைய முடியவில்லை. சனிக்கிழமைக்குள் ஆர்டர் போட வேண்டும்.

நெல்லித்தோப்பு செல்வம்

பாத்ரூமிலேயே போடுங்கள் சிஸ்டர், இங்கே பாதிப் பேர் வீட்டில் அப்படித்தான். ஷவருக்குக் கண்ணாடிக் கதவு இருந்தால் தண்ணீர் தெறிக்காது. மெயின் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் டிரிப்பர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது இருந்தால் மெஷினை எங்கே வைத்தாலும் ஷாக் அடிக்காது.

வயரிங் அண்ணன், வில்லியனூர்

செல்வம் தம்பி சொன்னதில் டிரிப்பர் வேண்டும் என்பது சரி. எங்கே வைத்தாலும் பரவாயில்லை என்பது சரியில்லை. நான் ஊரில் ஒன்பது வருஷம், இங்கே பதிமூன்று வருஷம் வயரிங் வேலை பார்த்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிரான்சில் ஷவர் தொட்டி விளிம்பிலிருந்து 60 செ.மீ. தூரத்துக்குள் வாஷிங் மெஷின் நிற்கக் கூடாது, அதற்கான பிளக் பாயிண்டும் இருக்கக் கூடாது. வயரிங் விதியே அப்படி. திறந்து மூடுகிற கண்ணாடிக் கதவையும் திரையையும் தடுப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அசையாத தடுப்பு என்றால் மட்டும் அதன் முனையைச் சுற்றி நூல் பிடித்த மாதிரி அளக்கலாம். உங்கள் கணக்குக்கு வாம்மா. 105-இல் மெஷினுக்கு 60 போனால் மிச்சம் 45தான். நுழையும், ஆனால் 15 செ.மீ. குறைகிறது. அதே இடத்தில் மேலே மூடி திறக்கிற 40 செ.மீ. அகல மெஷின் போட்டால் 65 கிடைக்கும். எதிர்ச்சுவரோடு ஒட்டி நிறுத்த வேண்டும், ஓடும்போது நகராதபடி நான்கு காலையும் திருகி மட்டம் பார்க்க வேண்டும். இங்கே கடைகளில் அந்த வகை நிறையக் கிடைக்கும், இந்த மாதிரிக் குறுகல் வீடுகளுக்காகவே விற்கிறார்கள்.

டிரிப்பர் இருந்தால் போதாதா என்றால், எர்த் இல்லாத பாயிண்டில் அது தூங்கிக்கொண்டுதான் இருக்கும். உள்ளே ஒரு ஒயர் உரசி பாடியில் கரண்ட் ஏறுகிறது என்று வையுங்கள். எர்த் இருந்தால் கரண்ட் அந்த வழியாக ஓடும், யாரும் தொடுவதற்கு முன்பே டிரிப் ஆகிவிடும். எர்த் இல்லையென்றால் கரண்ட் பாடியில் காத்துக்கொண்டிருக்கும். ஈரக்காலோடு நிற்கிற ஆள் தொட்ட பிறகுதான் அது ஓட வழி கிடைக்கும், அப்போதுதான் டிரிப்பருக்கே தெரியும். உங்கள் வீட்டில் அந்த ஆள் பாப்பாவாக இருக்கலாம்.

அதனால் ஆர்டர் போடும் முன் பாயிண்டைப் பாருங்கள். பிரெஞ்சு சாக்கெட்டில் உள்ளிருந்து ஒரு உலோக முனை நீட்டிக்கொண்டிருந்தால் எர்த்துக்கானது. ஆனால் முனை மட்டும் இருந்து பின்னால் ஒயர் இல்லாத பழைய வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். வயரிங் 15 வருஷத்துக்கு மேல் பழசு என்றால் வாடகை ஒப்பந்தத்தோடு மின் பரிசோதனை அறிக்கை ஒன்று தந்திருக்க வேண்டும், எர்த்தில் குறை இருந்தால் அதில் எழுதியிருப்பார்கள். பெட்டியில் மெஷினுக்கென்று தனியாக 20 ஆம்பியர் லைன் வருகிறதா என்றும் பாருங்கள். வராந்தாவிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுக்காதீர்கள், கதவிடுக்கில் நசுங்குவதும் ஈரத்தரையில் கிடப்பதும் அதுதான்.

கடலூர் முதுநகர்

பால்கனி பேச்சு வந்ததால் கேட்கிறேன். நான் இருப்பது துபாய். அப்பா அம்மா கடலூரில், கடல் பக்கம், மெஷின் கிழக்குப் பார்த்த பால்கனியில். வாங்கி நான்கு வருஷம்தான், அடித்தகடு துரு பிடித்துக் கையில் உதிர்கிறது. மழைக்கு பிளாஸ்டிக் கவர் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். இப்போது வெந்நீர் வைத்தால் மட்டும் டிரிப் ஆகிறது, பச்சைத் தண்ணீரில் ஒழுங்காக ஓடுகிறது. கவர் சரியில்லையா?

வயரிங் அண்ணன், வில்லியனூர்

தம்பி, இரண்டும் தனித்தனிச் சங்கதி. வெந்நீரில் மட்டும் டிரிப் ஆனால் முதலில் ஹீட்டரைத்தான் சந்தேகப்பட வேண்டும், கம்பியின் உறை விட்டுக் கரண்ட் கசிகிறது. மெக்கானிக் வரும்வரை மெஷினையே தொட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். டிரிப்பரை பைபாஸ் செய்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள்.

துருவுக்குக் காரணம் உப்புக் காற்று. அதோடு, துவைத்து முடித்த ஈரத்திலேயே கவரை இறுக்கி மூடினால் ஆவி வெளியே போகாமல் இரவெல்லாம் தகட்டில் வேர்த்து நிற்கும். கதவைத் திறந்து காயவிட்டு அப்புறம்தான் கவர், அதுவும் கீழே காற்று போகிற மாதிரி. கிழக்கு வெயில் தினமும் நேராக விழுந்தால் தண்ணீர் ஹோஸ் விறைத்துவிடும். ஹோஸை லேசாக வளைத்துப் பாருங்கள், முடி மாதிரி வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும், மேலே கூரை இருந்தாலும் பக்கவாட்டில் நனைத்துவிடும். 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது என் தங்கை வீட்டு மெஷின் அப்படித்தான் நனைந்தது. புயல் எச்சரிக்கை வந்ததுமே பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள். பத்து நாள் கழித்து பின்தகட்டைக் கழற்றினோம், கனெக்டர்களில் பச்சை பூத்திருந்தது. வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. முடிந்தால் உங்கள் மெஷினை உள்ளறைக்கே மாற்றிவிடுங்கள்.

லாஸ்பேட்டைப் பொண்ணு

அண்ணா, அப்படியென்றால் இங்கே பால்கனி? வெயிலும் குறைவு, உப்பும் இல்லையே.

வயரிங் அண்ணன், வில்லியனூர்

உறைபனி இருக்கிறதேம்மா. துவைத்து முடிந்த பிறகும் பம்பிலும் ஹோஸிலும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போனால் அது பனிக்கட்டியாகி விரிந்து பம்பை உடைத்துவிடும், காலையில் மெஷின் போட்டால்தான் கீழே ஒழுகுவது தெரியும். நிறைய அடுக்ககங்களில் பால்கனியில் மெஷின் வைக்கக் கட்டட விதியே விடாது.

பாத்ரூமில் ஜன்னல் இல்லை என்றீர்கள், கூரையோரம் காற்று இழுக்கும் ஓட்டை இருக்கும். குளிருகிறது என்று அதில் துணி அடைத்து வைக்காதீர்கள். ஒரு டிஷ்யூ காகிதத்தை அதில் வையுங்கள், ஒட்டிக்கொண்டு நின்றால் வேலை செய்கிறது, விழுந்தால் வீட்டு உரிமையாளரிடம் சொல்லிச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

நெல்லித்தோப்பு செல்வம்

எங்கள் வீட்டில் ஷவரிலிருந்து 30 செ.மீ.தான் இருக்கும், ஆறு வருஷமாக ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த எர்த் விஷயம் எனக்குத் தெரியாது. நாளைக்கே ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

லாஸ்பேட்டைப் பொண்ணு

டிஷ்யூ ஒட்டிக்கொண்டது. 40 செ.மீ. மெஷினே பார்க்கிறோம். ஆனால் பாயிண்ட் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஷவர் விளிம்பிலிருந்து 50 செ.மீ.தான். ஒப்பந்தத்தோடு தந்த அறிக்கையில் பாத்ரூம் என்று போட்டு இரண்டு வரி குறை எழுதியிருக்கிறது, பிரெஞ்சு முழுசாகப் புரியவில்லை. அதைப் படம் எடுத்து வீட்டு உரிமையாளருக்கு மெயில் போட்டு, பாயிண்டைத் தள்ளி வைத்துத் தரச் சொல்லியிருக்கிறோம். பதில் வரும்வரை ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறோம் அண்ணா.