திரையில் ஷஅபான் 29 இரண்டு நாள், பெருநாளன்று ரமளான் 30: தவறு எங்கே?

தெற்குவாசல்
அஸ்ஸலாமு அலைக்கும். பள்ளிவாசல் சுவரில் இருக்கும் திரையில் தொழுகை நேரங்களுக்கு மேலே ஹிஜ்ரி தேதி ஓடும். தேதியைக் கணக்கிட்டுக் கொடுப்பது பிரவுசர்தான், நாட்காட்டி சவூதியின் உம்முல் குரா. நாங்கள் இருப்பது மலேசியாவில்.

2024 மார்ச் 11ஐ அது ரமளான் 1 என்று காட்டியது. இங்கே அறிவிப்பு வந்ததோ மார்ச் 12க்கு. அமைப்பில் "-1" என்று போட்டோம். விளைவு: 10ஆம் தேதி காட்டிய ஷஅபான் 29 மறுநாளும் அப்படியே நின்றது. 30 வரவே இல்லை. அதன்பிறகு ரமளான் முழுக்கச் சரியாக ஓடியது. ஏப்ரல் 10 அன்று எல்லோரும் பெருநாள் தொழுகைக்கு நிற்கிறோம், திரையில் ரமளான் 30! -1ஐ எடுத்ததும் ஷவ்வால் 1 வந்துவிட்டது.

பிரவுசரின் கணக்கு தப்பா, நாங்கள் செய்தது தப்பா?

நிழல்கோல்
வ அலைக்கும் ஸலாம். காரணம் எளிது பாய். சவூதி நமக்கு மேற்கே இருக்கிறது, அங்கே பிறை முதலில் தெரியும், அதனால் அவர்கள் எப்போதும் ஒரு நாள் முன்னால். -1ஐ நிரந்தரமாக வைத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் அதே வருஷம் நோன்பு மார்ச் 12, பெருநாள் ஏப்ரல் 11. -1 போட்டிருந்தால் இரண்டுமே சரியாக வந்திருக்கும்.

ஏழாம்பாகை
நிழல்கோல் பாய் சொல்வதில் முதல் பாதி சரி. "எப்போதும்" என்ற சொல்தான் இடிக்கிறது. அதே வருஷம் கேரளாவிலும் நோன்பு மார்ச் 12தான், ஆனால் பெருநாள் ஏப்ரல் 10. பக்கத்து மாநிலத்திலேயே -1 பொய்த்துவிட்டதே.

தெற்குவாசல் கேட்டதற்கு வருகிறேன். பிரவுசரின் கணக்கில் பிழை இல்லை. உம்முல் குரா விதி மக்காவை மட்டுமே பார்க்கிறது. 29ஆம் நாள் மாலை இரண்டே கேள்வி: சூரியன் மறைவதற்குள் சங்கமம் நடந்துவிட்டதா? சூரியனுக்குப் பிறகு சந்திரன் மறைகிறதா? இரண்டுக்கும் "ஆம்" என்றால் மறுநாள் புது மாதம். பிறை கண்ணுக்குத் தெரியுமா என்று அந்த விதி கேட்பதே இல்லை.

சங்கமம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம், பஞ்சாங்கத்தில் அமாவாசை திதி முடியும் நேரம்தான் அது. உலகம் முழுக்க ஒரே கணம், கடிகாரத்தில் மட்டும் எண் வேறு. 2024 மார்ச் 10இல் அது மக்காவில் பகல் 12 மணிக்கு விழுந்தது, மலேசியாவில் மாலை 5 மணிக்கு. மக்காவில் சூரியன் மறையும்போது சங்கமம் முடிந்து சுமார் ஆறரை மணி நேரம். சந்திரன் சில நிமிடம் பின்தங்கி மறைந்தது. விதிக்கு அது போதும், எனவே மார்ச் 11 ரமளான் 1.

மலேசியாவில் அன்று சூரியன் மறைந்தபோது சங்கமம் முடிந்து இரண்டரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, புருனே நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் அளவுகோல் கடினமானது: சூரியன் மறையும்போது பிறை அடிவானத்துக்கு மேல் 3 டிகிரியாவது இருக்க வேண்டும், சூரியனிலிருந்து 6.4 டிகிரியாவது விலகியிருக்க வேண்டும். சந்திரன் சூரியனைவிட்டு மணிக்கு ஏறக்குறைய அரை டிகிரிதான் விலகும். இரண்டரை மணி நேரத்தில் 6.4க்கு எங்கே போவது? ஷஅபான் 30 ஆனது, ரமளான் மார்ச் 12இல் தொடங்கியது.

இப்போது மாதக் கடைசி. அடுத்த சங்கமம் ஏப்ரல் 8, மக்கா நேரப்படி இரவு 9:21. அமெரிக்காவில் முழு சூரிய கிரகணம் தெரிந்த நாள் அது. மக்காவில் அன்று மாலை சூரியன் மறைந்தபோது சங்கமமே நடக்கவில்லை. அதனால் உம்முல் குராவில் ரமளான் 30 நாள், ஷவ்வால் 1 ஏப்ரல் 10. உங்களுக்கு ஏப்ரல் 9 மாலைதான் 29ஆம் நாள். அன்று மலேசியாவில் சூரியன் மறைந்தபோது சங்கமம் முடிந்து சுமார் 17 மணி நேரம். 3, 6.4 இரண்டையும் தாண்டியாயிற்று. ரமளான் 29இல் முடிந்தது, ஷவ்வால் 1 ஏப்ரல் 10.

அதாவது தொடக்கத்தில் ஒரு நாள் வித்தியாசம், முடிவில் வித்தியாசமே இல்லை. -1 ரமளானுக்கு மட்டும் செல்லுபடியாகும் எண். அதை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோனதுதான் தப்பு.

வெள்ளிமதியம்
இதே தொல்லைதான் எனக்கும். என் போனில் தேதி இரவு 12 மணிக்குத்தான் மாறுகிறது. மக்ரிப் பாங்கு சொன்னதுமே மாற வேண்டாமா? -1க்குப் பதில் +1 போட்டால் சரியாகுமா?

ஏழாம்பாகை
அது வேறு கோளாறு சகோ. ஹிஜ்ரி நாள் மக்ரிபில் தொடங்குகிறது, போன் நள்ளிரவில் மாற்றுகிறது. +1 போட்டால் மக்ரிபிலிருந்து நள்ளிரவு வரை சரியாகும், மற்ற நேரம் முழுக்கத் தப்பாகும். "மக்ரிபில் மாற்று" என்ற தேர்வு இருந்தால் அதை இயக்குங்கள், இல்லையென்றால் அப்படியே விடுங்கள். ஒரு யோசனை: மாதக் குழப்பமா நாள் குழப்பமா என்று பிரித்தறிய எப்போதும் நண்பகலில் ஒப்பிடுங்கள். அப்போதும் ஒரு நாள் தள்ளியிருந்தால் அது மாதத் தொடக்கக் குழப்பம்.

கரைமணல்
ஒரு சந்தேகம். பிறையைக் கண்ணால் பார்க்க சூரியனிலிருந்து 7 டிகிரியாவது விலகல் வேண்டும் என்பார்கள். மார்ச் 10 மக்காவில் ஏறக்குறைய 4 டிகிரிதானே இருந்திருக்கும்? ஆனால் சவூதியில் நாட்காட்டியை மட்டும் வைத்து அல்ல, பிறை பார்க்கப்பட்டதாகச் சொல்லித்தானே மார்ச் 11ஐ அறிவித்தார்கள்?

ஏழாம்பாகை
நீங்கள் சொல்லும் எண் சரி. அந்த விலகலில் வெளிச்சம் பிறையாகத் திரளவே திரளாது என்பது வானியலார் பக்கம். நேர்மையான சாட்சி சொன்னால் ஏற்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் பக்கம். இந்த வாதம் நீண்ட காலமாக ஓடுகிறது, இந்த இழையில் முடியாது. ஆனால் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். உம்முல் குரா அச்சிட்ட நாட்காட்டி, சவூதி அறிவிப்பு தனி. 2018இல் உம்முல் குரா ரமளான் 1ஐ மே 16 என்று போட்டிருந்தது, பிறை தென்படவில்லை என்று மே 17க்குத்தான் நோன்பு தொடங்கியது. சவூதிக்குள்ளேயே அந்தக் கணக்கு ஒரு நாள் தவறியிருக்கிறது.

நிழல்கோல்
சரி, "எப்போதும்" என்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் மேற்கே போனால் சுலபம் என்பது உண்மைதானே?

ஏழாம்பாகை
உண்மை. மக்காவில் சூரியன் மறைவது கோலாலம்பூருக்கு நான்கு மணி நேரம் கழித்து. அதற்குள் பிறை இரண்டு டிகிரிக்கு மேல் விலகிவிடும். அந்த இரண்டு டிகிரி எல்லைக்கோட்டைத் தாண்ட வைத்தால் ஒரு நாள் வித்தியாசம். இரு இடத்திலும் ஏற்கெனவே தாண்டியிருந்தால் வித்தியாசமே இல்லை. 2023ஐப் பாருங்கள்: மலேசியாவில் ரமளான் உம்முல் குராவோடு ஒரே நாள், மார்ச் 23. ஷவ்வால்தான் அங்கே ஏப்ரல் 21, மலேசியாவில் 22. 2024க்கு நேர் தலைகீழ்.

இந்தோனேசியாவில் அந்த 2023 பெருநாள் ஒரே வானத்தின் கீழ் இரண்டு நாளாக நடந்தது. முஹம்மதியா அமைப்பு சங்கமம் முடிந்து, பிறை அடிவானத்துக்கு மேல் இருந்தாலே போதும் என்று ஏப்ரல் 21 கொண்டாடியது. அரசு 3 டிகிரி இல்லை என்று 22 என்றது. அங்கே திசைக்கு வேலையே இல்லை, அளவுகோல்தான் வேறு.

தெற்குவாசல்
ஜஸாக்கல்லாஹ் பாய். அப்படியானால் திரைக்கு என்ன செய்ய? மாதா மாதம் -1, 0 என்று மாற்றிக்கொண்டே இருப்பதா?

ஏழாம்பாகை
கூட்டிக் கழிப்பதையே விடுங்கள். -1 என்பது "நேற்றைய தேதியை இன்று காட்டு" என்று பொருள். உம்முல் குராவில் அந்த ஷஅபான் 29 நாள்தான். இல்லாத 30ஐ எதிலிருந்து கழித்து எடுப்பது? அதனால்தான் 29 இரண்டு நாள் நின்றது.

உங்கள் ஊரில் மாதம் தொடங்கிய நாளை ஒரு சின்னப் பட்டியலில் எழுதி, அதிலிருந்து எண்ணச் சொல்லுங்கள்:

```
const starts = {
  "1445-08": "2024-02-11",
  "1445-09": "2024-03-12",
  "1445-10": "2024-04-10"
};
// day = (today - start) / 86400000 + 1
```

பிப்ரவரி 11இலிருந்து எண்ணினால் மார்ச் 11 ஷஅபான் 30 என்று தானாக வரும். ஏப்ரல் 10க்கு அடுத்த வரி வந்துவிடுவதால் ரமளான் 29இல் நிற்கும். கழிக்கும்போது இரு தேதிகளையும் ஒரே நேர மண்டலத்தில் வையுங்கள், இல்லையென்றால் பின்னம் வந்து தொல்லை தரும். எண்ணிக்கை 31 ஆனால் திரை தேதியைக் காட்டாமல் எச்சரிக்கை காட்டட்டும். அடுத்த மாத வரியை யாரோ எழுத மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

கரைமணல்
பிரவுசர் நிஜமாகவே உம்முல் குராவைத்தான் காட்டுகிறதா என்று எப்படி உறுதி செய்வது? சில செயலிகளில் "இஸ்லாமிய நாட்காட்டி" என்று மட்டும்தான் போட்டிருக்கிறது.

ஏழாம்பாகை
2023 ஏப்ரல் 22ஐக் கொடுத்துப் பாருங்கள்.

```
new Intl.DateTimeFormat('en-u-ca-islamic-umalqura')
  .format(new Date(2023, 3, 22, 12))
```

இது ஷவ்வால் 2 தரும். `islamic-umalqura` இருக்கும் இடத்தில் `islamic-civil` போட்டால் ஷவ்வால் 1. இரண்டாவது, வானத்தையே பார்க்காத அட்டவணைக் கணக்கு. அதில் ரமளான் என்றைக்கும் 30 நாள்தான், 29 வரவே வராது. 2023 பெருநாளுக்கு அது மலேசியாவோடு பொருந்தியது தற்செயல். அதை நம்பி மாறிவிடாதீர்கள், 2024 ரமளானுக்கு அதுவும் மார்ச் 11தான் சொல்கிறது.

தெற்குவாசல்
பட்டியலைப் போட்டுப் பார்த்தேன், மார்ச் 11க்கு 30 வருகிறது. கடைசியாக ஒன்று: 3, 6.4 இரண்டுமே கணக்கில் வருவதுதானே, வருஷம் முழுக்க முன்கூட்டியே நிரப்பிவிடலாமா?

ஏழாம்பாகை
மற்ற மாதங்களுக்கு நிரப்பலாம். ரமளான், ஷவ்வால், துல்ஹஜ் மூன்றுக்கும் வரியைக் காலியாக விட்டு, அறிவிப்பு வந்த இரவு எழுதுங்கள். 29ஆம் நாள் மக்ரிபிலிருந்து அறிவிப்பு வரும்வரை திரையில் "பிறை அறிவிப்புக்குப் பின்" என்று போடுங்கள், எண் வேண்டாம்.

நிழல்கோல்
அந்த ஒரு மணி நேரம் எல்லோரும் திரையை விட்டுவிட்டு போனைத்தான் பார்ப்பார்கள்.